விலையை ஏற்ற மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட சப்ளையர், பிறகு ஏற்றலாமா?

கேள்வி: "நோட்டுப் புத்தகங்களை 12 மாதத்துக்கு ஒரே விலையில் தருவதாக சப்ளையர் ஒப்பந்தம் எழுதினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஐந்தாவது மாதத்தில், அடுத்த 1ஆம் தேதி முதல் 12 சதவீதம் கூடுதல் என்று கடிதம் அனுப்புகிறார். பல வருடமாக அவரிடம்தான் வாங்குகிறேன். கேட்டால் 'அந்த வாக்குறுதிக்குக் கன்சிடரேஷன் இல்லை, அதனால் கட்டுப்படுத்தாது' என்கிறார். இப்படி ஒன்று உண்டா?"

உண்டு. ஆனால் அவர் சொல்வது பாதிதான் சரி. நீங்கள் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்து இன்னும் வராத சரக்குக்கு அவரால் விலையை ஏற்ற முடியாது. இனிமேல் கொடுக்கப்போகும் ஆர்டர்களைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். சிறு கடைகளுக்கு வரும் சப்ளை ஒப்பந்தங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் பதில் கடைக்காரருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக எதிர்ப்பக்கம் தருவதுதான் கன்சிடரேஷன். பத்திரங்களில் மறுபயன் என்றோ பிரதிபலன் என்றோ எழுதுவார்கள். அது பணமாகவோ சரக்காகவோ வேலையாகவோ இருக்கலாம். 'நானும் இதைச் செய்வேன்' என்ற பதில் வாக்குறுதியாகவும் இருக்கலாம். ஆங்கிலேயச் சட்டத்தின் வழி வந்த இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில், மறுபயன் இல்லாத வாக்குறுதியை நீதிமன்றம் பொதுவாக நிறைவேற்றி வைக்காது. இலங்கையின் ஒப்பந்தச் சட்டம் ரோமன் டச்சு மரபில் வந்தது. அங்கே இந்தக் கேள்வியையே வேறு விதமாகத்தான் அணுகுவார்கள், ஆகவே அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

சரி, உங்கள் ஒப்பந்தத்தைக் கையில் எடுங்கள். விலையை 12 மாதம் ஏற்ற மாட்டேன் என்பது அவர் தந்த வாக்குறுதி. அதற்கு ஈடாக நீங்கள் என்ன தந்தீர்கள்? ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, கடை 'செய்ய வேண்டும்' என்று வரும் ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிடுங்கள். 'பில் தேதியிலிருந்து 30 நாளில் பணம் கட்ட வேண்டும்' என்று ஒன்று இருக்கும். 'சரக்கு வந்த 3 நாளுக்குள் குறைகளைத் தெரிவிக்க வேண்டும்' என்று இன்னொன்று இருக்கும். பார்த்தால் கடையும் நிறையப் பொறுப்பு ஏற்றுக்கொண்ட மாதிரிதான் தெரியும். ஆனால் நீங்கள் ஓர் ஆர்டர்கூடக் கொடுக்கவில்லை என்றால் இந்த வரிகளில் ஏதாவது உங்களைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. இவை எல்லாம் ஆர்டர் கொடுத்த பிறகு உயிர் பெறும் கடமைகள். அடுத்த வரியிலேயே 'கடை தன் தேவைக்கேற்ப, விரும்பும் அளவில், விரும்பும்போது ஆர்டர் செய்யலாம்' என்று இருக்கும். உங்களுக்குச் சாதகம் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். உங்களைக் கவிழ்ப்பது அந்த 'லாம்'தான். 12 மாதமும் ஒரு பெட்டிகூட வாங்காமல் இருக்க உங்களுக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது என்றால், விலையைப் பிடித்து வைத்திருப்பதற்கு அவருக்குக் கிடைத்தது எதுவுமில்லை.

இப்படிப்பட்ட தாளை முழு ஒப்பந்தமாக நீதிமன்றங்கள் பார்ப்பதில்லை. தொடர்ந்து திறந்திருக்கும் ஒரு முன்மொழிவாகவே பார்க்கின்றன. நீங்கள் ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அளவுக்கு மட்டும் தனித்தனியாக ஓர் ஒப்பந்தம் உருவாகிறது. அந்த ஆர்டர்தான் அந்தச் சரக்குக்கான மறுபயனைக் கொண்டுவருகிறது. இங்கிலாந்தில் 1873இல் கிரேட் நார்தர்ன் ரயில்வே, விதம் என்ற வியாபாரி மேல் போட்ட வழக்கில் இது தெளிவானது. கம்பெனி கேட்கும் அளவுக்கு இரும்புச் சாமான்களை 12 மாதம் தருவதாக அவர் டெண்டர் கொடுத்தார். சில ஆர்டர்களை நிறைவேற்றினார், அப்புறம் ஒன்றை மறுத்தார். கம்பெனி ஏதும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே, அப்புறம் எனக்கு மட்டும் என்ன கட்டுப்பாடு என்பது அவர் வாதம். ஆர்டர் வந்துவிட்டது, அதை நிறைவேற்றித்தான் ஆக வேண்டும் என்றது நீதிமன்றம்.

பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு 1899இல் வந்த பெங்கால் கோல் கம்பெனி வழக்கு உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது. குறிப்பிட்ட விலையில் ஒரு வருடம் நிலக்கரி தருவதாக ஒப்புக்கொண்ட கம்பெனி, சில ஆர்டர்களை அனுப்பிய பிறகு வருடம் முடியும் முன்பே விலகிக்கொண்டது. விலகும் முன் வந்த ஆர்டர்களுக்கு மட்டுமே அது பொறுப்பு, மீதிக் காலத்துக்கு அதைக் கட்டிப்போட முடியாது என்று தீர்ப்பானது.

உங்கள் கணக்கில் இதைப் பொருத்திப் பார்ப்போம். 25ஆம் தேதி 40 பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தீர்கள், 28ஆம் தேதி விலைக் கடிதம் வந்தது, சரக்கு அடுத்த மாதம் 4ஆம் தேதிதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 40 பெட்டிக்கும் பழைய விலைதான். சரக்கு வந்து இறங்கிய தேதி முக்கியமில்லை, ஆர்டர் போன தேதியே முக்கியம். அதனால் போனில் சொல்லிவிட்டு விடாமல், தேதி தெரியும்படி எழுத்தில் அனுப்புவது நல்லது. பத்தாவது மாதத்தில் நீங்கள் கொடுக்க நினைத்திருக்கும் ஆர்டருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

'ஆனால் பல வருட வாடிக்கை' என்கிறீர்கள். முன்பு வாங்கிய சரக்குக்கு அப்போதே சரக்கும் பணமும் கைமாறி அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. நேற்று முடிந்த வியாபாரம் இன்று தரும் புதிய வாக்குறுதிக்கு ஈடாகாது. இந்தியச் சட்டம் இதில் கொஞ்சம் தாராளம். வாக்குறுதி தருபவர் கேட்டுக்கொண்டதால் முன்பு செய்த செயலையும் மறுபயனாக ஏற்கும். ஆனால் உங்கள் கடைக்காக நீங்கள் வாங்கிய சரக்கு அந்த வகையில் சேராது.

முத்திரைத்தாளில் எழுதியிருக்கிறோமே என்றும் பலர் கேட்பார்கள். முத்திரைத்தாள் அரசுக்குக் கட்டும் வரி, எதிர்ப்பக்கத்துக்குத் தரும் ஈடு அல்ல. 'தகுந்த பிரதிபலனைப் பெற்றுக்கொண்டு' என்று முதல் பத்தியில் வரும் வழக்கமான வரியும் அப்படித்தான். உண்மையில் எதுவும் கைமாறவில்லை என்று வெளிப்பட்டால் அந்த வரி தனியாக நின்று காப்பாற்றாது.

அடுத்த முறை என்ன எழுத வேண்டும் என்பதுதான் இதில் உருப்படியான பகுதி. நல்ல செய்தி என்னவென்றால், ஈடு சமமாக இருக்க வேண்டியதில்லை. உண்மையானதாக இருந்தால் போதும். சாப்பல் எதிர் நெஸ்லே வழக்கில், ஓர் இசைத்தட்டுக்காக வாடிக்கையாளர்கள் பணத்தோடு அனுப்பிய 3 சாக்லேட் உறைகளைக்கூட மறுபயனின் பகுதி என்று 1959இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஏற்றுக்கொண்டது. வந்த உறைகளைக் கம்பெனி தூக்கிப் போட்டுவிட்டது என்பது பொருட்டாகவில்லை.

எனக்குப் பிடித்த வழி, குறைந்தபட்ச அளவுக்கு ஒப்புக்கொள்வது. போன வருடக் கணக்கைப் பாருங்கள். மந்தமான மாதத்தில் 15 பெட்டி, நல்ல மாதத்தில் 50 பெட்டி போயிருக்கிறது என்றால், அந்த 15ஐ எடுத்து 12 மாதத்துக்கு 180 பெட்டி என்று எழுதுங்கள். 'கடை இந்த 12 மாதத்தில் குறைந்தது 180 பெட்டி வாங்கும். அதற்கு ஈடாக, 400 பெட்டி வரை இணைப்பில் உள்ள விலையிலேயே வழங்குநர் தருவார்.' இந்த இரண்டு வாக்கியங்கள் போதும். 180க்கான வாக்குறுதி, 400 வரையிலான விலையைப் பிடித்து வைக்கிறது. இரண்டும் சமமா என்று நீதிமன்றம் எடை போடாது.

ஆனால் இந்த 180 உங்களையும் பிடிக்கும். ஆசைப்பட்டு 300 என்று எழுதி 240 மட்டும் வாங்கினால், மீதி 60 பெட்டிக்கு அவர் நஷ்டஈடு கேட்கலாம். மோசமான வருடத்திலும் நிச்சயம் விற்கும் எண்ணிக்கையைத் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். அந்தக் குறைவுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதி வாங்குங்கள்.

எண் சொல்லத் தயக்கமாக இருந்தால், 'கடைக்குத் தேவையான நோட்டுப் புத்தகம் அனைத்தையும் இவரிடமே வாங்கும்' என்று எழுதலாம். எண் இல்லாவிட்டாலும் இது மறுபயன்தான், ஏனென்றால் வேறு இடத்தில் வாங்கும் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். அவர் சரக்கு தராமல் இழுத்தடித்தால் வெளியே வாங்கலாம் என்ற விதிவிலக்கு இல்லாமல் இதில் கையெழுத்துப் போட வேண்டாம். 'கூடியவரை இவரிடம் வாங்க முயலும்' என்று மென்மையாக எழுதினால் மறுபடியும் பழைய சிக்கல்தான். முயல்வதும் முயலாததும் உங்கள் கையில் இருக்கும்போது அதை உறுதியான ஈடு என்று நம்ப முடியாது. எந்த நொடியிலும் அறிவிப்பே இல்லாமல் விலகலாம் என்ற பிரிவும் அதே வேலையைச் செய்யும். அதை 30 நாள் முன்னறிவிப்பு என்று மாற்றினால், அந்த 30 நாளாவது இரண்டு பக்கமும் கட்டுப்படும்.

வாங்குவதாக எந்த உறுதியும் தர முடியாதென்றால், விலையைப் பிடித்து வைப்பதற்காகவே ஒரு சிறு தொகையைக் கொடுத்து, எதற்காக என்று எழுதி ரசீது வாங்குங்கள்.

இப்போது வந்திருக்கும் கடிதத்துக்கு ஒரே ஒரு யோசனை. அதில் '1ஆம் தேதி முதல்' என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்கு முன் அவர் வேறு கடிதம் அனுப்பாதவரை, பழைய விலை அதுவரை திறந்திருக்கிறது. உங்களால் வைத்து விற்க முடிந்த அளவுக்கு, பழைய விலையைக் குறிப்பிட்டு, இன்றைக்கே ஓர் ஆர்டரை எழுத்தில் அனுப்புங்கள். '1ஆம் தேதிக்குப் பிறகுதான் சரக்கு வரும், அதனால் புதிய விலை' என்று அவர் சொன்னால் 'சரி' என்று பதில் எழுதிவிடாதீர்கள். பழைய விலையில் தர வேண்டியது ஏற்கெனவே அவர் கடமை. அதையே செய்வதற்குக் கூடுதல் பணம் கேட்டால், அதற்கு அவர் புதிதாக எதைத் தருகிறார் என்று இந்த முறை நீங்கள் கேட்கலாம்.