"டச் கிராஸ்" என்றால் கோபப்படலாமா?

"இன்ஸ்டாவில் கிரிக்கெட் பற்றி எழுதுவது என் பொழுதுபோக்கு. போன வாரம் எதிரணி கேப்டனை விமர்சித்தேன். ஒருவர் 'கோ டச் கிராஸ்' என்றார். இன்னொருவர், அந்த கேப்டன் என் தலைக்குள் 'லிவிங் ரென்ட் ஃப்ரீ' என்றார். மூன்றாமவர் 'என்பிசி' என்றார். மகளிடம் கேட்டால் சிரிக்கிறாள். இதில் எது கிண்டல், எது திட்டு?"
- ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

ஐயா, நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கும் விடாமல் பதில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். முதல் ஆள் கிண்டல் செய்தது அதைத்தான். போனை வைத்துவிட்டு வெளியே போய் கொஞ்சம் புல்லைத் தொடுங்கள் என்கிறார். நண்பர் சொன்னால் இது செல்லமான அதட்டல். வாதத்தின் நடுவே வந்தால், பதில் கைவசம் இல்லாதவர் தப்பிக்கும் வழியாகவும் இருக்கும். எப்படியானாலும் எழுந்து போய்விட்டால் தீர்ந்தது.

இரண்டாவது கொஞ்சம் குத்தும். பவுலிங் பற்றிப் பேசினாலும் பிட்ச் பற்றிப் பேசினாலும் அந்த கேப்டனிடமே வந்து நிற்கிறீர்கள். அவர் வாடகை தராமல் உங்கள் தலைக்குள் குடியிருக்கிறார் என்பதுதான் கேலி. அமெரிக்காவில் பல ஆண்டுகள் என்னைப் போலவே வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதிய ஆன் லேண்டர்ஸ் பெயரில் இதே கருத்து முன்பே உலவியது. மனக்கசப்பைப் பிடித்துவைத்திருப்பவர்களுக்கான புத்திமதி அது. இன்றைய பிள்ளைகள் இதைப் பிடித்த விஷயத்துக்கும் சொல்கிறார்கள். "அந்தப் பாட்டு என் தலைக்குள் ரென்ட் ஃப்ரீ" என்று உங்கள் மகள் சொன்னால், அது பாராட்டு.

திட்டு என்றால் மூன்றாவதுதான். விளையாடுபவர் இயக்காத பாத்திரம்தான் என்பிசி. 1970களில் வந்த டன்ஜியன்ஸ் அண்டு டிராகன்ஸ் மாதிரியான விளையாட்டுகளில் தொடங்கி வீடியோ கேமுக்கு வந்தது. கேமில் ஒரு கடைக்காரர் நிற்பார். நாம் எத்தனை முறை போய் நின்றாலும் அதே இரண்டு வரியைத்தான் சொல்வார். 2018இல் அமெரிக்காவில் டிரம்ப் ஆதரவாளர்கள் எதிர்த்தரப்பை இப்படிக் கேலி செய்ய, உணர்ச்சியே இல்லாத சாம்பல் நிற முகம் ஒன்றைப் பரப்பினார்கள். நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், அந்த முகத்தை வைத்துப் பொய்த்தகவல் பரப்பியதாக சுமார் 1,500 கணக்குகளை ட்விட்டர் முடக்கியதாகச் செய்தி வந்தது.

மற்ற இரண்டும் நீங்கள் செய்வதைச் சீண்டுகின்றன. இது உங்களுக்குச் சொந்தப் புத்தியே இல்லை என்கிறது. "இன்னிக்கு ஆபீஸ்ல என்பிசி மாதிரி இருந்தேன்" என்று ஒருவர் தன்னையே சொல்லிக்கொண்டால் சிரிக்கலாம். முகம் தெரியாத ஆள் இன்னொருவரைச் சொன்னால், அவரை மனிதக் கணக்கிலிருந்தே தள்ளுகிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "அவருக்கு கேப்டன்சியே தெரியாது" என்று நீங்கள் எழுதிய அதே வரி, அதே பதிவில் உங்களுக்கு மேலும் கீழும் பலர் எழுதியது. 'என்பிசி' என்றவர் கண்ணில் பட்டது அதுதான். அடுத்த முறை எந்த ஓவரில் யாருக்குப் பந்தைக் கொடுத்திருக்க வேண்டும், ஏன் என்று எழுதுங்கள். அதற்கும் அவர் "என்பிசி" என்றே பதில் போட்டால், ஒரே வரி மட்டும் தெரிந்தவர் யார் என்று படிப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.