வாட்ஸை வைத்து மாத கரண்ட் பில்லைக் கணக்கிடுவது எப்படி?

"யூனிட்டுக்கு 8 ரூபாய். 75 வாட்ஸ் ஃபேன் தினம் 12 மணி நேரம், 150 வாட்ஸ் ஃபிரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடுது. மாசம் எவ்வளவு வரும்?"

வாட்ஸை மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். ஃபேனுக்கு 75 × 12 = 900, அதாவது தினம் 0.9 யூனிட். 30 நாளைக்கு 27 யூனிட், 216 ரூபாய்.

ஃபிரிட்ஜுக்கும் இப்படியே போட்டால் 108 யூனிட், 864 ரூபாய் என்று வரும். ஆனால் அது தப்பு. பிளக் நாள் முழுக்க மாட்டியிருந்தாலும் கம்ப்ரஸர் விட்டு விட்டுத்தான் ஓடும். மொத்தமாக 8 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் தினம் 1.2 யூனிட், மாதம் 36 யூனிட், 288 ரூபாய். ஆக இரண்டுக்கும் சேர்த்து 504 ரூபாய்.

அந்த 8 மணி நேரம் என் உத்தேசம்தான். ஃபிரிட்ஜின் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அதை 12-ஆல் வகுத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.