துலா லக்கினம், ஏழில் சுக்கிரனும் சனியும்

“என் மகள் 1999 பங்குனி முதல் வாரத்தில், இரவு ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். துலா லக்கினம். ஏழாம் வீட்டில் சுக்கிரனும் சனியும் சேர்ந்து நிற்பதால் காதலித்தால் ஏமாறுவாள், கலியாணமும் இழுபடும் என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். அவள் ஒருவரை விரும்புகிறாள். ஆனால் ‘இப்போது வேண்டாம்’ என்கிறாள். பயமாக இருக்கிறது.”

முதலில் அந்த ஒன்பது மணி எந்த ஒன்பது மணி என்று பாருங்கள். 1996 முதல் 2006 சித்திரை வரை இலங்கையின் கடிகாரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. 1999இல் யாழ்ப்பாணத்து மருத்துவமனைக் கடிகாரம் ஒன்பது காட்டியபோது பழைய நேரம் எட்டரைதான். அக்காலக் குறிப்புகளில் இந்த அரை மணியைக் கழிக்காமல் கணித்தவை ஏராளம். என் அம்மப்பாவிடம் குறிப்பு பார்க்கக் கற்றபோது அவர் பஞ்சாங்கத்தைத் திறக்கும் முன்பே, “பிறந்த ஊரில் அப்போது எந்த நேரம் ஓடியது?” என்றுதான் கேட்பார். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அப்போதும் பழைய நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் மகளுக்கு அரை மணியைக் கழித்தாலும் லக்கினம் துலாத்திலேயே நிற்கிறது. முக்கால் மணி நேரம் முந்திப் பிறந்திருந்தால் கன்னிக்குப் போயிருக்கும், இந்த இரண்டு கிரகங்களும் எட்டாம் வீட்டில் நின்றிருக்கும். அது வேறு கதை.

அடுத்தது பாகை. ஒரே கட்டத்தில் இரண்டு கிரகங்களை எழுதியிருந்தால் உடனே சேர்க்கை என்று சொல்லிவிடுகிறோம். ஒரு இராசி முப்பது பாகை. ஒன்று இரண்டாம் பாகையிலும் மற்றது இருபத்தெட்டிலும் நின்றால், ஒரே வளவில் இரண்டு வீட்டில் குடியிருப்பவர்கள் போலத்தான். அந்த வாரத்தில் சனி மேடத்தில் எட்டாம் பாகையைத் தாண்டி நின்றது. சுக்கிரன் நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நடந்து அதை நெருங்கிக்கொண்டிருந்தது. வாரக் கடைசியில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. ஆகவே உங்கள் மகளுக்கு இது பெயரளவுச் சேர்க்கை அல்ல.

சுக்கிரன் விருப்பத்தைக் காட்டுகிறது. சனி காலத்தையும் கடமையையும் காட்டுகிறது. இவை ஒன்றுக்கொன்று நட்புக் கிரகங்கள் என்பதைப் பயமுறுத்துகிறவர்கள் சொல்வதில்லை. இந்தத் தொடர்பு உள்ளவர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆசைப்பட்டதைக் கையில் எடுக்கும் முன் எடை பார்ப்பார்கள், அவ்வளவுதான். ‘இப்போது வேண்டாம்’ என்பது அந்த எடைபார்ப்பு.

என் பெரியம்மாவின் மகளைச் சொல்லட்டுமா? 1983 மார்கழித் தொடக்கம், பிற்பகல் இரண்டரை மணி, மேட லக்கினம். அவருக்கும் ஏழில்தான் இந்த இருவரும், ஆனால் துலாத்தில், பத்தொன்பதாம் பாகையை ஒட்டி. அங்கே சனி உச்சம், சுக்கிரன் ஆட்சி. ஏ9 வீதி திறந்திருந்த காலத்தில் ஒருவர் அக்காவிடம் விருப்பத்தைச் சொன்னார். அக்கா சைக்கிளை விட்டு இறங்காமலே, “யோசித்துச் சொல்கிறேன்” என்றாராம். 2006இல் வீதி மூடப்பட்டது. அவர் வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டார், கடிதமும் நின்றது. கனடாவிலிருந்து வந்த இரண்டு சம்பந்தங்களை அக்கா தட்டிவிட்டார். காரணம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் 2010இல் முகாமிலிருந்து ஊர் திரும்பினார். அப்போதும் அக்கா சரி என்று சொல்லவில்லை. அவருடைய கடன் கொப்பியைக் கேட்டு வாங்கிவந்து, எங்கள் விறாந்தையில் வைத்துப் பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்த்தார். “இதில் எழுதாமல் விட்டது ஏதும் உண்டா?” என்று ஒரே கேள்விதான் கேட்டாராம். 2013 கடைசியில் சனி பிறந்த இடத்துக்குத் திரும்பிய நாட்களில் அக்கா தலையாட்டினார். தைமாதம் தாலி ஏறியது.

இதையெல்லாம் சனியின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. 1983இல் பிறந்த எங்கள் ஊர்ப்பிள்ளைகளில் யாருடைய கலியாணத்தைத்தான் யுத்தம் பிந்தவைக்கவில்லை? வீதி மூடியது யுத்தத்தால். வீதி திறந்த பிறகும் மூன்று வருடம் கொப்பி பார்த்தது அக்காவின் குணம். குறிப்பில் நான் தேடுவது இரண்டாவதைத்தான்.

உங்கள் மகளுக்கு வருவோம். மேடத்தில் சனி நீசம், அதாவது பலம் குன்றி நிற்கிறது, சாத்திரியார் பயந்தது அதற்காகத்தான் இருக்கும். நீச சனி சுக்கிரனைத் தொட்டால், தன்னை யாரும் முழுமனதோடு விரும்பமாட்டார்கள் என்ற சந்தேகம் உள்ளே கிடக்கும். சிலர் அதனாலேயே கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு, மதிக்காத இடத்திலும் கடமைக்காக இருந்துவிடுவார்கள். விசுவாசம் அங்கே சகிப்பாக மாறிவிடுகிறது. இந்தச் சேர்க்கையில் நான் அஞ்சுவது இதற்கு மட்டும்தான், தாமதத்துக்கு அல்ல.

ஆனால் அந்தக் குறிப்பின் முதல் கட்டத்தையும் பாருங்கள். அந்த வாரம் செவ்வாய் துலாத்தில், உங்கள் மகளின் லக்கினத்திலேயே நிற்கிறது. சனி நீசமான வீட்டின் அதிபதி லக்கினத்தில், அதாவது கேந்திரத்தில் நின்றால் நீசபங்கம், நீசத்தின் குறை நீங்கும் என்பது விதி. அதோடு லக்கினாதிபதி சுக்கிரன் ஏழிலும், ஏழாம் அதிபதி செவ்வாய் லக்கினத்திலும் இருப்பதால் இருவரும் வீடு மாறியிருக்கிறார்கள். இது பரிவர்த்தனை. துலா லக்கினத்துக்குச் சனி நன்மை தரும் யோககாரகன், ஏழாம் வீட்டில் அதற்குத் திக்குப் பலமும் உண்டு. ‘காதலித்தால் ஏமாறுவாள்’ என்ற பலனை இதிலிருந்து எப்படி எடுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. லக்கினச் செவ்வாய் ஏழைப் பார்ப்பதால் வாய்த்தர்க்கம் வரும், அது உண்மை. அதைக் குற்றமாக எண்ணுவதா என்பதில் சாத்திரியார்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

காலம் கேட்பீர்கள். திருக்கணிதப்படி சனி மீண்டும் அந்த எட்டாம் பாகைக்கு வருவது 2028 சித்திரையில். வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும் வீடு என்றால் சில மாதங்கள் முன்பின் ஆகலாம். அதற்கு முன் கலியாணம் நடக்கக்கூடாது என்று அர்த்தமில்லை. அதற்கு முன் அவசரப்படுத்திச் செய்தால், தான் தெரிந்தெடுக்கவில்லை என்ற குறை இந்த அமைப்புக்காரருக்கு நெடுநாள் போகாது.

அந்தப் பையனைப் பற்றி மகளிடம் விசாரிக்கும்போது, “எப்போது கலியாணம்?” என்று கேட்காதீர்கள். “அவர் உன்னை எப்படி நடத்துகிறார்?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவள் விவரமாகப் பதில் சொன்னால், கொப்பியை ஏற்கெனவே புரட்டத் தொடங்கிவிட்டாள். மழுப்பினால், குறிப்பை மூடி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் இருங்கள். பையனின் குறிப்பும் கிடைத்தால், பிறந்த நேரத்தோடு பிறந்த ஊரையும் எழுதுங்கள். வன்னியில் பிறந்தவர் என்றால் அந்த அரை மணியைக் கழிக்கக்கூடாது.