சனிக்கிழமை குவாட்டருக்கு எத்தனை மார்க்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43, அம்பத்தூரில் சூப்பர்வைசர் வேலை. சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஒரு குவாட்டர், மற்ற நாளில் தொடவே மாட்டேன். கம்பெனி ஹெல்த் செக்கப்பில் குடி பற்றி மூன்று கேள்வி கொடுத்தார்கள். நான் போட்டது 2 மார்க். நர்ஸ் அதை 7 என்று திருத்திவிட்டார். நான் குடிநோயாளியா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: நர்ஸ் போட்ட 7 தான் சரி. ஆனால் அதை வைத்து உங்களைக் குடிநோயாளி என்று சொல்ல முடியாது.

உங்களுக்குக் கொடுத்தது ஆடிட்-சி. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் பட்டியலில் முதல் மூன்று மட்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க், ஒரே அமர்வில் ஆறு டிரிங்க்கோ அதற்கு மேலோ எத்தனை தடவை என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க்.

குழப்பம் இரண்டாவது கேள்வியில்தான். ஒரு குவாட்டரை ஒரு டிரிங்க் என்று எழுதியிருப்பீர்கள். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இங்கே ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்ட பிராந்தியில் 30 மில்லிக்கே அந்தப் பத்து கிராம் வந்துவிடும். 180 மில்லி குவாட்டர் ஆறு டிரிங்க். எவ்வளவு சோடா கலந்தாலும் ஆறுதான்.

இப்போது கூட்டுவோம். வாரம் ஒருமுறை என்பதற்கு 2. ஆறு டிரிங்க்குக்கு 2. அந்த ஆறு வாராவாரம் நடப்பதால் 3. மொத்தம் 7. ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

அப்படி விசாரிக்கத்தான் மீதி ஏழு கேள்விகள். தொடங்கினால் நிறுத்த முடியவில்லையா, வேலை கெட்டதா, காலையில் எழுந்ததும் ஊற்றத் தோன்றியதா என்ற மூன்றும் அடிமைத்தனத்தைத் தேடுபவை. மொத்தம் குறைவாக இருந்தாலும் இவற்றில் மார்க் விழுந்தால் நான் விடமாட்டேன். கடைசிக் கேள்வி, உங்களைக் குறைக்கச் சொல்லி யாராவது சொன்னார்களா என்பது. கடந்த ஓராண்டில் மனைவி சொல்லியிருந்தாலே 4 மார்க். (இதற்கு மட்டும் நிறைய பேர் பதில் எழுதாமல் விடுகிறார்கள்!) மற்றதெல்லாம் பூஜ்யம் என்றால் உங்களுக்கு 11.

நாற்பதில் 8 முதல் 15 வரை என்றால், குடி உடம்புக்கு ஆபத்தான அளவில் இருக்கிறது, குறைக்க ஆலோசனை போதும். 16 முதல் 19 வரை தொடர்ந்த கவுன்சலிங். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அடிமைத்தனம் இருக்கிறதா என்று மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். அந்த நிலையில் இருப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கை நடுக்கம், வலிப்புகூட வரலாம்.

குவாட்டரைக் கட்டிங்காக, அதாவது 90 மில்லியாகக் குறைத்தால் மூன்று டிரிங்க். ஓராண்டு அப்படியே போனால் 2, 1, 0 என்று ஆடிட்-சி 3க்கு இறங்கும். ஆனால் பிரஷர் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ போடுபவராக இருந்தால், ஈரலில் கோளாறு இருந்தால், அந்த 3ஐ நம்பாதீர்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.