மங்கும் எழுத்து, வீணாகும் பணம்

"டேலி பாட வீடியோக்கள் செய்கிறேன். மானிட்டர் 1366x768. எடிட்டரில் 1920x1080 ஆக எக்ஸ்போர்ட் செய்தால் எண்கள் கலங்குகின்றன. கடைக்காரர் சொன்னபடி ₹14,000 கொடுத்துக் கிராபிக்ஸ் கார்டு போட்டும் மாறவில்லை." – வாசகி, தண்டையார்பேட்டை

அம்மா, உங்கள் மீது தவறில்லை. இந்தக் குறைக்கு அந்தக் கார்டு மருந்தே அல்ல. அது வேலையை விரைவாக்குமே தவிர எழுத்தைக் கூர்மையாக்காது. நானும் இதே குறைக்காக 27 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கிப் பணத்தை இழந்தவன் என்பதால், தேவையற்றதைத் தலையில் கட்டும் விற்பனையாளர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. பொருளை விற்கும் முன் உங்கள் பதிவை ஒரு முறை நிறுத்திப் பார்த்திருந்தால் போதும்.

நீங்களே பாருங்கள். மூலப் பதிவை 100 சதவீத அளவில் நிறுத்தி, '8,360' போன்ற ஒரு தொகையை உற்றுநோக்குங்கள். அங்கே 8, 3, 6 மூன்றும் தெளிவாக இருந்து, எக்ஸ்போர்ட் ஆனதில் ஒன்றுபோல் தோன்றினால், குறை அளவு மாற்றத்தில்தான் இருக்கிறது. 1366 புள்ளிகளை 1920 ஆக்கும்போது ஒரு புள்ளி அகலக் கோடு சுமார் 1.4 புள்ளியாக வேண்டும்; அரைகுறைப் புள்ளி கிடையாது என்பதால் மென்பொருள் ஓரத்தைச் சாம்பல் நிறத்தால் நிரப்புகிறது.

முழு மடங்காகப் பெரிதாக்கினால் இந்தச் சிக்கல் இல்லை. பதிவுக்கு முன் விண்டோஸ் திரை அளவை 1280x720 ஆக்குங்கள். உங்கள் மானிட்டரில் அது சற்று மங்கலாகத் தெரிந்தாலும் பதிவில் அந்த மங்கல் வராது. ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் Base, Output இரண்டும் அதே அளவாக இருக்கட்டும். எடிட்டரிலும் அளவை மாற்றாமல் உயர்ந்த தரத்தில் எக்ஸ்போர்ட் செய்து, கடைசியில் ffmpeg என்ற வீடியோ மாற்றும் மென்பொருளுக்கு இந்தக் கட்டளையைக் கொடுத்துச் சரியாக இரு மடங்காக்குங்கள்:

```
ffmpeg -i paadam.mp4 -vf scale=2560:1440:flags=neighbor -c:v libx264 -crf 16 -pix_fmt yuv420p -c:a copy paadam2.mp4
```

யூடியூப் 1440 அளவுக்கு 720-ஐ விடக் கூடுதல் பிட்ரேட் ஒதுக்குவதால், அந்த அளவில் பார்ப்பவருக்கு எண்கள் தெளிவாகத் தெரியும்.

குறை தீரும் என்று கடைக்காரர் எழுத்திலோ வாட்ஸ்அப்பிலோ உறுதி தந்திருந்தால், அதையும் பில்லையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

"கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் ஏன் கரைகிறது?" – ராயபுரம்

வழக்கமான வீடியோவில் ஒளி அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகவும், நிறம் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவும் சேமிக்கப்படுகிறது. கறுப்பின் மேல் சிவப்பு பெரும்பாலும் நிறத்தால்தான் வேறுபடுகிறது என்பதால் அதன் விளிம்பு சிதைகிறது. பதிவிலேயே இழந்த நிறம் பிறகு திரும்பாது. வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்துக்கு மாறுங்கள்.

"'4கே' என்று போட்டிருந்த மலிவு கேப்சர் கருவி வாங்கினேன். 1080 அளவில்தான் பதிவாகிறது. பெட்டியைப் படிக்கவில்லை." – வியாசர்பாடி

படித்திருக்க வேண்டும். 4கே என்பது உள்ளே வரும் அளவு. பதிவாகும் அளவு பெரும்பாலும் தனியாக அச்சிடப்பட்டிருக்கும்.

"வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து மங்குகிறது." – திருவொற்றியூர்

டாக்குமெண்டாக அனுப்புங்கள்.