வீடியோ உண்மை, செய்தி பொய்: ஃபார்வர்டு தகவல்களைச் சரிபார்ப்பது குறித்த வாசகர் கேள்விகள்

எங்கள் குடும்பக் குழுவில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் வீடியோ வந்தது. பக்கத்து ஊரில் நடந்தது என்கிறார்கள். கண்ணால் பார்ப்பதை எப்படிச் சந்தேகிப்பது? (திண்டுக்கல் வாசகி)

நீங்கள் சொல்வதைப் போன்ற ஒரு வீடியோ 2018-இல் இந்தியா முழுவதும் சுற்றியது. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளுக்காக இயங்கும் ஒரு தொண்டு அமைப்பின் விழிப்புணர்வுக்காக நடிகர்களை வைத்து எடுக்கப்பட்ட படம். முழுப் படத்தில், குழந்தையைத் தூக்கிச் சென்றவர்கள் சில நொடிகளில் திரும்பி வந்து, குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் அறிவிப்பு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி நீக்கியதால்தான், விழிப்புணர்வுப் படம் கடத்தல் காட்சியாக மாறியது. அதே ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்ணைக் குழந்தை கடத்துபவர் என்று நினைத்து ஊர் மக்கள் அடித்துக் கொன்றார்கள். கடத்தல் வதந்திகள் அந்த அளவுக்குப் பரவியிருந்தன.

ஆகவே வீடியோ வந்ததும் அதன் தொடக்கத்தையும் முடிவையும் பாருங்கள். காட்சி பரபரப்பின் உச்சத்தில் சட்டென்று நின்றுவிட்டால், அதன் பிறகு என்ன நடந்தது என்பதை நமக்குக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து, முகங்கள் அசைந்து மங்கலாகத் தெரியும் இடத்தில் அல்லாமல், கடைப் பலகையோ வண்டியின் நம்பர் பிளேட்டோ கட்டடமோ தெளிவாகத் தெரியும் நொடியில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டப்பட்ட எழுத்துகளை வெட்டி நீக்கிவிட்டு, அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் தேடுங்கள். வரும் முடிவுகளில் அதிகம் பகிரப்பட்டதைவிட, மிகப் பழையதைத் தேடிப் பிடிப்பதே முக்கியம். 'நேற்று நடந்தது' என்று வந்த காட்சி ஈராண்டுகளுக்கு முன்பே பதிவேறியிருந்தால், அந்த ஒரு தேதியே போதும். ஒரு படம் எதையும் தராவிட்டால், வேறு மூன்று நான்கு நொடிகளில் நிறுத்தி மீண்டும் தேடுங்கள். பெரும்பாலானோர் முதல் முயற்சியிலேயே கைவிட்டுவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

படத்தின் கோப்புப் பெயரிலேயே நேற்றைய தேதி இருக்கிறதே, அது சான்று ஆகாதா? (தஞ்சாவூர் வாசகர்)

ஆகாது. `IMG-20240512-WA0007.jpg` என்பது போன்ற பெயரை வைப்பது வாட்ஸ்அப். அதிலுள்ள தேதி, படம் எடுக்கப்பட்ட நாளைக் குறிப்பதில்லை. அந்தக் கோப்பு வாட்ஸ்அப் வழியாக ஃபோனுக்கு வந்த நாளையே குறிக்கிறது. பத்தாண்டுப் பழைய படத்தை இன்று அனுப்பினாலும் இன்றைய தேதியுடன்தான் வரும். கேமரா பதிந்து வைக்கும் தேதி, இடம் முதலிய விவரங்களையோ, படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது.

இரட்டை அம்புக்குறி இல்லாத செய்தியை நம்பலாமா? (கோவை வாசகி)

வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தியின் மேலே தெரியும் அந்தக் குறி, செய்தி குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்திருப்பதை மட்டுமே சொல்கிறது. எழுத்துச் செய்தியை நகலெடுத்து ஒட்டினாலோ, வீடியோவைப் புதிதாகப் பதிவேற்றி அனுப்பினாலோ குறி மறைந்துவிடும். குறி இருந்தால் அனுப்பியவரே அதை எழுதவில்லை என்று அறியலாம். குறி இல்லாததிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது.

லென்ஸில் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை என்றால் உண்மை என்று கொள்ளலாமா? (மதுரை வாசகர்)

கூடாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று இரண்டு வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு அளித்த விளக்கத்தின்படி, ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு தரப்பினருக்குள் நடந்த மோதல். மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகளுக்குள் நடந்த மோதல். தமிழ்நாட்டில் நடந்த அடிதடிதான். அடித்தது யார், அடிபட்டது யார் என்பதில்தான் பொய் இருந்தது. படத்தேடல், ஒரு காட்சி முன்பு எங்கே வெளியானது என்பதைக் காட்டுமே தவிர, அதில் இருப்பவர்கள் யார் என்பதைச் சொல்லாது. அதற்கு அந்த ஊரைத்தான் விசாரிக்க வேண்டும். செய்தியில் ஊரின் பெயர் இருந்தால், அந்த மாவட்டக் காவல்துறையின் சமூக ஊடகப் பக்கத்தையும், அவ்வூர்ச் செய்தியாளர்கள் எழுதியதையும் பாருங்கள். ஊர், தேதி, காவல் நிலையம் ஆகிய மூன்றில் ஒன்றுகூடச் செய்தியில் இல்லையென்றால், விசாரிக்க எந்த வழியும் வைக்காமல் எழுதப்பட்ட அதனை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.