எல்லை ∞ என்பதும் எல்லை இல்லை என்பதும் ஒன்றா? சில கேள்விகள், பதில்கள்

சார், x → 0 ஆகும்போது 1/x² க்கு எல்லை ∞ என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் மிஸ் எல்லை இல்லை என்கிறார். எது சரி?

இரண்டும் சரிதான். முடிவிலி ஓர் எண் இல்லை, அதனால் எண்ணாக ஓர் எல்லை கிடையாது. மிஸ் சொல்வது அதைத்தான். புத்தகம் இன்னும் ஒரு படி போய், எல்லை எந்த விதத்தில் இல்லாமல் போகிறது என்பதையும் சொல்கிறது. 1000 என்று ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளம்மா. பூச்சியத்துக்கு இரு பக்கமும் 0.0316 தூரத்துக்குள் எந்த x எடுத்தாலும் 1/x² ஆயிரத்துக்கு மேல்தான் இருக்கும். பத்து லட்சம் என்றால் 0.001 தூரத்துக்குள் வந்துவிடு. பூச்சியம் ஒன்றைத் தவிர, அந்த இடைவெளியில் ஒரு புள்ளிகூடத் தப்பாது. இந்த ‘ஒன்றுகூடத் தப்பாது’ என்பதை நினைவில் வைத்துக்கொள், கீழே தேவைப்படும். தேர்வில் ∞ என்று எழுதி, ‘முடிவுறு எல்லை இல்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிடு.

அப்போ 1/x க்கும் ∞ தானே சார்? அதுவும் பெரிசாகிக்கிட்டே தானே போகுது?

வலப்பக்கம் மட்டும் பார்த்தால் நீ சொல்வது சரி தம்பி. x = 0.01 என்றால் 100, x = 0.001 என்றால் 1000. இடப்பக்கம் போ: x = -0.001 என்றால் -1000. ஒரு பக்கம் மேலே, மறு பக்கம் கீழே. வலப்பக்க எல்லை +∞, இடப்பக்க எல்லை -∞ என்று தனித்தனியாக எழுதலாம். இரண்டையும் சேர்த்து ஒரே விடை கேட்டால், எல்லை இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

x = 0 போட்டால் சார்புக்கு மதிப்பே இல்லையே, அப்படியென்றால் எல்லையும் இருக்காது அல்லவா?

இது வேறு கேள்வி. (sin x)/x க்கும் பூச்சியத்தில் மதிப்பு இல்லை, ஆனால் எல்லை 1. எல்லை பார்க்கும்போது அந்தப் புள்ளியைத் தொடவே மாட்டோம், அக்கம்பக்கத்தை மட்டும்தான் பார்ப்போம்.

sin(1/x) க்கு எல்லை இல்லை என்கிறார்கள். நான் கால்குலேட்டரில் x = 0.001, 0.0001, 0.00001 என்று போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் -0.984807753 தான் வருகிறது. இதுதானே எல்லை?

உங்கள் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. 1000 டிகிரியில் இரண்டு முழுச் சுற்று போக மிச்சம் 280. அந்த 280 ஐப் பத்தால் பெருக்கினால் 2800, ஏழு சுற்று போக மறுபடியும் 280. அதனால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே போகும்வரை நீங்கள் அதே கோணத்தில்தான் வந்து நிற்பீர்கள். இப்போது 0.0002, 0.00002, 0.000002 போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் -0.642787610 வரும்! பூச்சியத்தை நெருங்க இரண்டு வழி, இரண்டு வழியிலும் வேறு வேறு மதிப்பு. எல்லை இல்லை என்று காட்ட இதுவே போதும். ரேடியனுக்கு மாற்றிவிட்டு உங்கள் முதல் மூன்று எண்களைப் போட்டால் 0.827, -0.306, 0.036 என்று அலைவது நேரடியாகவே தெரியும். இங்கே எதுவும் பெரிதாகிப் போவதில்லை, மதிப்பு எப்போதும் -1 க்கும் 1 க்கும் நடுவில்தான். எல்லை இல்லை என்றாலே ஏதோ முடிவிலிக்கு ஓடுகிறது என்று நினைப்பவர்கள் இந்தச் சார்பை ஒரு முறை வரைந்து பார்க்க வேண்டும்.

டியூஷன் எடுக்கிறேன். (1/x) sin(1/x) வரம்பில்லாமல் பெரிதாகிறது, அதனால் ∞ என்று ஒரு மாணவன் எழுதியிருக்கிறான். மதிப்பெண் தரலாமா?

வரம்பில்லை என்பதற்கு வேண்டுமானால் கொஞ்சம் கொடுங்கள், ∞ என்பதற்குத் தர முடியாது. ரேடியனில் பக்கத்துப் பக்கத்து மூன்று இடங்களைப் பாருங்கள். x = 1/(200π) என்றால் மதிப்பு 0. x = 1/(200.5π) என்றால் கிட்டத்தட்ட 630. x = 1/(201.5π) என்றால் -633. இன்னும் நெருங்கினால் ஆட்டம்தான் பெரிதாகும், ஆனால் 1/(nπ) புள்ளிகள் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றிலும் மதிப்பு பூச்சியத்துக்கு இறங்கும். ஆயிரத்தைத் தாண்டியே நிற்கிற ஓர் இடைவெளியை அவனால் காட்டவே முடியாது. குறிதான் சிக்கல் என்று அவன் வாதாடினால் மட்டுக்குறி போட்டுக் கொடுங்கள். 1/x மட்டுக்குறி போட்டதும் ∞ ஆகிவிடும். இது ஆகாது.

நான் எம்.எஸ்சி. சிக்கலெண் பாடத்தில் z → 0 ஆகும்போது 1/z க்கு எல்லை ∞ என்றே எழுதுகிறோம். நீங்கள் மேலே 1/x க்கு இல்லை என்கிறீர்களே?

நீங்கள் சொல்வது சரி. ரீமன் கோளத்தில் ஒரே ஒரு முடிவிலிதான், அதற்குக் குறி கிடையாது. எல்லாத் திசையிலிருந்தும் 1/z அங்கேதான் போய்ச் சேர்கிறது. பள்ளிக் கணக்கில் நாம் இரண்டு முடிவிலிகளை வைத்துக்கொண்டு பேசுகிறோம், அதனால்தான் விடை மாறுகிறது. மெய்யெண்களுக்கும் குறியில்லாத ஒற்றை முடிவிலியை வைத்து எழுதுகிறவர்கள் உண்டு, அவர்கள் 1/x க்கும் ∞ என்றே போடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதை எப்போது சொல்வது என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் கேட்டால் மட்டும் சொல்வேன்.